மரத்தடியிலேயே சொல்லுங்கள்
பால்வெட்டு பழகும் புதியவரைத் திருத்துவது எப்படி? ருவான்வெல்லை இறப்பர் மலைகளிலிருந்து ஒரு பாடம்

இறப்பர் மரத்தில் கத்தி பட்ட இடம் எதையும் மறைக்காது. நேற்று வெட்டியவருடைய கை எங்கே நடுங்கியது, எங்கே அவசரப்பட்டது, கத்திக்கு எத்தனை நாளாகச் சாணை பிடிக்கவில்லை என்பதெல்லாம் பட்டையில் அப்படியே இருக்கும். ருவான்வெல்லையைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில், விடியும் முன்பே வேலை தொடங்கும் இந்தத் தோட்டங்களில், ஒரு புதியவரின் வேலையைப் பார்த்துக் குறை சொல்ல வேண்டிய பெரியவருக்கு இதைவிட நல்ல வசதி கிடையாது. ஆதாரம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அப்படியிருந்தும் பெரும்பாலான திருத்தங்கள் மரத்தடியில் நடப்பதில்லை. மறுநாள் பெரட்டுக்களத்தில், எல்லோர் முன்னாலும், "ஒன் வெட்டு சரியில்ல, ஒழுங்கா வெட்டு" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. அந்த வரியைக் கேட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோவது அவமானத்தை மட்டும்தான். எந்த மரத்தில், எந்த இடத்தில், எதை மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த வெட்டும் அதே மாதிரி இருக்கும். பிறகு, "சொன்னாலும் கேக்கிறதில்ல" என்று ஏசியவர் சலித்துக்கொள்வார்.

இந்தக் கட்டுரை அந்தச் சலிப்பைப் பற்றியது. சொன்னது ஏன் கேட்கப்படவில்லை என்பதற்குப் பதில் பெரும்பாலும் சொன்ன விதத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க முதலில் பால்வெட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு மில்லிமீற்றருக்குள் ஒரு தொழில்

இறப்பர் பால் மரத்தின் கட்டையில் இல்லை, பட்டையில்தான் இருக்கிறது. பட்டைக்குள் ஓடும் மெல்லிய பால் குழாய்கள் உள்ளே போகப் போக அடர்த்தியாகும். ஆக அடர்த்தியான இடம், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் மாறிழையம் என்ற மெல்லிய படைக்குச் சற்று வெளியே. புதுப் பட்டையை வளர்ப்பதும் அந்த மாறிழையம்தான். ஆகவே நல்ல வெட்டு, மாறிழையத்தைத் தொடாமல் சுமார் ஒரு மில்லிமீற்றர் விட்டு நிற்க வேண்டும். அதற்கு மேலே நின்றால் பால் குறையும். தாண்டினால் கட்டை தெரியும். அந்த இடத்தில் பட்டை திரும்ப வளரும்போது முடிச்சும் புடைப்புமாக வளரும், பிறகு அங்கே சீராகக் கத்தி ஓட்ட முடியாது. இதைத்தான் காயம் என்கிறோம்.

வெட்டு இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும், ஒட்டு மரத்தில் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்கும். மரத்தின் சுற்றளவில் பாதியைப் பிடிக்கும். பால் குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடாமல் சற்றே சாய்ந்து ஓடுவதால், இந்தத் திசையில் வெட்டினால் கூடுதல் குழாய்கள் அறுபடும். சரிவு தட்டையாகிவிட்டால் பால் கானைவிட்டு வழிந்து பட்டையில் இறங்கிவிடும், சிரட்டைக்கு வராது. ஒவ்வொரு வெட்டிலும் சீவி எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்குள் இருக்க வேண்டும். இத்தனையையும் ஒருவர் விடியற்காலையின் அரை இருட்டில், சரிவில் கால் ஊன்றி, மரத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டே, ஒரு காலைக்குள் 250 முதல் 300 மரங்களில் செய்கிறார். சூரியன் ஏறினால் மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளரும் என்பதால் நேரமும் பின்னால் துரத்திக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு நுட்பமான வேலையில் "சரியில்ல" என்ற சொல்லுக்கு என்ன பொருள்? ஆழமா, அகலமா, சரிவா, தடிப்பா, கத்தியா? ஐந்தில் எது என்று சொல்லாத திருத்தம், கேட்பவரை ஐந்தையும் சேர்த்துப் பயப்பட வைக்கும். பயந்த கை இன்னும் மோசமாக வெட்டும்.

கிலோவைப் பார்த்துப் பாராட்டுவதன் ஆபத்து

குறை சொல்வதில் மட்டுமல்ல, பாராட்டிலும் தவறு நடக்கிறது. அது இன்னும் மறைவானது. புதியவர் ஒருவர் முதல் மாதத்திலேயே மற்றவர்களைவிட அதிகமாகப் பால் கொண்டுவருகிறார். நிறுக்கிற இடத்தில் எல்லோரும் புகழ்கிறார்கள். யாரும் மலைக்குப் போய் மரத்தைப் பார்ப்பதில்லை. மாறிழையத்துக்குக் கிட்டப் போகப் போகப் பால் கூடும் என்று மேலே சொன்னேன். அதாவது ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் கூடத்தான் செய்யும். நிறுவையை மட்டும் பார்த்துப் பாராட்டுகிறவர், தனக்குத் தெரியாமலே, "காயப்படுத்து" என்று கற்றுக்கொடுக்கிறார். ஒரு வருஷம் கழித்து அதே ஆளைக் கூப்பிட்டு மரமெல்லாம் புண்ணாகிக் கிடக்கிறதே என்று ஏசினால், அவருக்குப் புரியாது. புகழ்ந்ததும் நீங்கள்தானே?

எதிர்ப்பக்கமும் உண்டு. பால் குறைந்ததற்காக ஏசுவது. மாசி, பங்குனியில் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும்போது பால் குறையும். மழை பெய்தால் அன்றைய வெட்டே வீண். வெட்டுப்பட்டை காய்ந்துபோகும் நோய் வந்த மரத்தில் எவ்வளவு நன்றாக வெட்டினாலும் சிரட்டை காலியாகத்தான் இருக்கும். இந்த மூன்றிலும் பால் குறைவதற்கு அன்றைய வெட்டு காரணமில்லை. இளையவரின் கையில் இல்லாத ஒன்றுக்காக அவரைத் திருத்தப் போனால், கையில் இருப்பதைப் பற்றி நீங்கள் சொல்வதையும் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஆகவே பார்க்க வேண்டியது வெட்டை. நிறுவை, எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டும் கைகாட்டி மட்டும்தான்.

ஒரு காலை, ஒரு திருத்தம்

இப்போது ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். பால்வெட்டப் பழகி மூன்று மாதமான ஓர் இளம் பெண். அவளோடு அதே மலையில் வேலை செய்யும், பல வருஷம் கத்தி பிடித்த ஒரு மூத்த பெண்ணிடம் அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. மரங்களில் காயம் அதிகம் என்று வெளிக்கள உத்தியோகத்தர் சொல்லிவிட்டார்.

மூத்தவள் முதலில் செய்ய வேண்டியது தனியே போய்ப் பார்ப்பது. பேசும் முன்பு, அந்தப் பெண்ணின் பங்கில் முதலில் வெட்டும் இருபது மரம், நடுவில் இருபது மரம், கடைசியில் இருபது மரம் என்று பார்த்துக்கொண்டு வர வேண்டும். காயம் எத்தனை என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். முதல் மரங்களில் மட்டும் காயம் இருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். தலையில் கட்டும் டோர்ச்சின் பட்டரி இறங்கியிருக்கலாம். கடைசி மரங்களில் கூடினால் அவசரம், அல்லது போகப் போகக் கத்தி மழுங்குகிறது. மலையின் ஒரு பக்கத்து மரங்களில் மட்டும் என்றால் கால் ஊன்ற இடமில்லை. எல்லா மரத்திலும், வெட்டு தொடங்கும் இடப்பக்க மூலையில் மட்டும் என்றால், கத்தியை வைக்கும்போதே அழுத்திவிடுகிறாள். அது கைப்பழக்கம். காயம் ஒன்றுதான், காரணம் ஐந்து. ஐந்துக்கும் ஒரே வார்த்தையைச் சொன்னால் நான்கு தரம் பிழைத்துப்போகும்.

நம் கதையில், காயம் கடைசி இருபது மரங்களில்தான் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீவல்களும் தடிப்பாக, ஓரம் பிய்ந்து விழுந்து கிடக்கின்றன. கூர்க்கத்தி சீவினால் ஓரம் வழுவழுப்பாக இருக்கும். பிய்ந்த ஓரம் மழுங்கிய கத்தியின் அடையாளம். மழுங்கிய கத்தியைக் கூடுதல் பலத்தோடு இழுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பலத்தில்தான் அது சறுக்கி உள்ளே இறங்குகிறது.

அடுத்த வெட்டு நாள், பால் எடுத்து முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மூத்தவள் அவளை அந்தக் கடைசி மரங்களில் ஒன்றுக்குக் கூட்டிப்போகிறாள். பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகலாம்:

"தங்கச்சி, இந்த மரத்தப் பாரு. மேல சரிவு நல்லா வந்திருக்கு, பாலு ஒரு சொட்டு வெளிய வழியல. இங்க பாரு, இந்த எடத்தில கட்ட தெரியுது. தொட்டுப் பாரு."

"ஆமாக்கா. கத்தி வழுக்கிருச்சு."

"மொத மரங்கள்ல இது இல்ல, நான் பாத்துட்டுத்தான் வந்தேன். கடைசியிலதான் வருது. ஏன்னு நெனக்கிற?"

"கை வலி வந்துருதுக்கா. கடைசியில இழுக்கவே ஏலாது."

"கத்திய எப்ப தீட்டுன?"

"முந்தாநேத்து. கல்லு எங்கிட்ட இல்ல, லயத்தில கேட்டு வாங்கணும்."

இந்த இடத்தில்தான் திருத்தம் உண்மையில் நடக்கிறது. "ஒழுங்கா வெட்டு" என்று சொல்லியிருந்தால் கல் இல்லை என்ற விஷயம் வெளியே வந்திருக்காது. குறிப்பான கேள்வி, கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பது: இந்த இரண்டும்தான் அதை வெளியே கொண்டுவந்தன. இளையவரின் குறை என்று நினைத்த பாதி, கல் கொடுக்காத தோட்டத்தின் குறையாக இருக்கலாம். அதைத் தீர்க்க வேண்டியது மூத்தவளும் உத்தியோகத்தரும்.

"சரி, கல்லு நான் வாங்கித் தர்றேன். நீ ஒண்ணே ஒண்ணு செய். நடு மலைக்கு வந்ததும், அந்தப் பெரிய பாறைக்கிட்ட நின்னு கத்திய ஒரு தரம் தீட்டிட்டு மேல போ. வேற எதையும் மாத்தாத. இப்ப என் கத்திய வாங்கி இந்த மரத்துக்கு நேரா ஒரு தரம் இழுத்துக் காட்டு, சும்மா காத்தில."

அவள் இழுத்துக் காட்டுகிறாள். மூத்தவள் கடைசி ஐந்து மரங்களில் சோக்கால் ஒரு கோடு போடுகிறாள். "அடுத்த வெட்டுக்கும் அதுக்கு அடுத்த வெட்டுக்கும் நான் வந்து இந்த அஞ்சையும் பாப்பேன். நீயும் பாரு. பாத்துட்டு ரெண்டு பேரும் பேசுவம்."

இதில் சில விஷயங்கள் தற்செயலானவை அல்ல. சரிவு நன்றாக வந்திருக்கிறது என்று முதலில் சொன்னது மனதைக் குளிர வைக்கும் சம்பிரதாயப் பேச்சு இல்லை. அது உண்மை, அதே மரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. இன்னொரு வேலையும் அது செய்கிறது: காயத்துக்குப் பயந்து அவள் சரிவையும் மாற்றிவிடாமல் தடுக்கிறது. எதைக் கைவிடக்கூடாது என்பதும் திருத்தத்தின் பகுதி. "நீ நல்ல பிள்ளைதான், ஆனா..." என்று தொடங்கும் பாராட்டு இதைச் செய்யாது. "ஆனா" வந்த நிமிடமே அதற்கு முன்னால் சொன்னது காற்றில் போய்விடும்.

மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று என்று நிறுத்தியதும் அப்படித்தான். சீவல் தடிப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை மூத்தவள் கண்டும் சொல்லவில்லை. கத்தி கூரானால் தடிப்பும் ஓரளவு குறையும். குறையாவிட்டால் அது இரண்டு வாரம் கழித்து வரும் பேச்சு.

தடிப்பைப் பற்றிப் பேசும் நாள் வந்தால், அதற்கும் ஏச்சு வேண்டாம், கணக்கே போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டி, மழை நாட்களைக் கழித்தால் வருஷத்துக்கு 150 வெட்டு என்று வையுங்கள். ஒன்றரை மில்லிமீற்றர் சீவினால் வருஷத்துக்கு 22 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே பட்டை போகும். இரண்டரை மில்லிமீற்றர் சீவினால் 37. வெட்டுத் தொடங்கும் உயரம் சுமார் 120 சென்ரிமீற்றர். முதல் கணக்கில் ஒரு பக்கம் ஐந்து வருஷம் தாங்கும், இரண்டாவதில் மூன்று வருஷம்தான். இரு பக்கமும் முடிந்து முதல் பக்கத்துக்குத் திரும்பி வரும்போது, அங்கே மேலே வளர்ந்திருக்கும் புதுப் பட்டைக்கு முதல் கணக்கில் பத்து வயது, இரண்டாவதில் ஆறு வயது. ஆறு வயதுப் பட்டை, பத்து வயதுப் பட்டை அளவுக்கு முற்றியிருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீற்றர், மரத்தின் வாழ்நாளில் எத்தனை வருஷத்தைத் தின்கிறது என்று ஒரு குச்சியை வைத்து மரத்திலேயே அளந்து காட்டலாம். தன் வேலை எங்கே போய் முடிகிறது என்று கண்டவர்கள், தம்மைக் கண்காணிக்க ஆள் இல்லாத நாளிலும் கையை நிதானிப்பார்கள். நான் இதை முழுமையாக நம்புகிறேன்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது

திருத்தம் சொன்னால் வேலை முன்னேறும் என்பது எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை. 1996 இல் க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி, 600க்கு மேற்பட்ட அளவீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சராசரியாக முன்னேற்றம் இருந்தது உண்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் திருத்தம் சொன்ன பிறகு வேலை முன்பைவிடக் கெட்டிருந்தது. அவர்கள் தந்த விளக்கம், கவனம் எங்கே திரும்புகிறது என்பதைப் பற்றியது. சொல்லும் சொல், செய்யும் வேலையின் மேல் கவனத்தைத் திருப்பினால் பலன் உண்டு. "நான் எப்படிப்பட்ட ஆள்?" என்ற கேள்வியின் மேல் திருப்பினால் வேலை கெடும். "இந்த எடத்தில கட்ட தெரியுது" என்பது முதல் வகை. "ஒனக்கு அக்கறையே இல்ல" என்பது இரண்டாவது வகை.

இரண்டாவது ஆய்வு நம் தோட்டங்களுக்கு இன்னும் கிட்ட வருகிறது. 2014 இல் டேவிட் யேகரும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்டது. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளை ஆசிரியர்கள் திருத்திக் கொடுத்தார்கள். திருத்தம் எல்லோருக்கும் வழக்கம் போலத்தான். ஒரு பகுதியினருக்கு மட்டும், உன்னிடம் நான் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரிந்துதான் இதைச் சொல்கிறேன் என்ற கருத்தில் ஒரு சிறு குறிப்பு சேர்த்து வைக்கப்பட்டது. திரும்ப எழுதுவது அவரவர் விருப்பம். கறுப்பின மாணவர்களில், குறிப்பு இல்லாதவர்களில் 17 வீதத்தினரே திரும்ப எழுதினார்கள். குறிப்பு கிடைத்தவர்களில் அது 70 வீதத்தைத் தாண்டியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும், திருத்துகிறவர் நம்மை மட்டமாக நினைக்கிறாரோ என்று சந்தேகிக்கக் காரணம் உள்ளவர்களிடம்தான் அந்தக் குறிப்பு ஆகப் பெரிய மாற்றத்தைச் செய்தது.

அந்தச் சந்தேகத்துக்கு நம் தோட்டங்களில் தலைமுறைக் கணக்கான காரணம் இருக்கிறது. துரை ஏசுவார், கணக்கப்பிள்ளை ஏசுவார், கங்காணி ஏசுவார், முடிவில் அரைப்பேர் விழும். மேலிருந்து வரும் குரல் என்றால் அது கூலி வெட்டுக்கு முன்னோட்டம் என்று லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே இங்கே திருத்தம் சொல்கிறவர் ஒரு விஷயத்தில் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும்: திருத்தத்தையும் பேர் வெட்டுவதையும் ஒரே பேச்சில் கலக்கக்கூடாது. கலந்தால் கேட்பவர் காயத்தை ஒளிக்கப் பழகுவார். வெட்டின் மேல் சேறு பூசி மறைப்பது எந்தக் கைக்கும் கடினமில்லை. ஒளித்த காயத்தை யாரும் திருத்த முடியாது.

சப்ரகமுவவில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிக்கள உத்தியோகத்தர் சிங்களத்தில் பேசுவார், வெட்டுகிறவர் தமிழில் நினைப்பார். இரண்டு மொழியும் ஓடும் தோட்டங்கள்தான் இங்கே, புழங்குவதற்குப் போதும். ஆனால் மனம் புண்படாமல் ஒரு குறையை எடுத்துச் சொல்வதற்கு அந்தப் புழக்கமொழி போதாது. குறைந்த சொற்களில் பேசும்போது குரல் கட்டளையாகிவிடும். மரத்தடிக்குப் போவதற்கு இது இன்னொரு காரணம். விரலை வைத்துக் காட்டி, கத்தியை வாங்கி இழுத்துக் காட்டினால் மொழியின் பாரம் பாதியாகும். மீதிப் பாதிக்கு, இரு மொழியும் நன்றாக அறிந்த மூத்த தொழிலாளி ஒருவரைக் கூட வைத்துக்கொள்வது நல்லது. அவர் மொழிபெயர்க்கும் ஆளாக மட்டும் நின்றால் போதாது, புதியவரின் பக்கத்தில் நிற்கும் ஆளாகவும் இருக்க வேண்டும்.

திரும்பிப் போய்ப் பார்ப்பது

சோக்குக் கோடு போட்ட ஐந்து மரங்களை மறந்துவிடக்கூடாது. பெரும்பாலான நல்ல திருத்தங்கள் சாவது இங்கேதான். சொன்னவர் திரும்பி வரவில்லை என்றால், அது அப்படி ஒன்றும் முக்கியமில்லை போல என்று கேட்டவர் எடுத்துக்கொள்வார். அதில் பிழையும் இல்லை. இரண்டாவது வெட்டுக்குப் பிறகு மூத்தவள் போய்ப் பார்க்கிறாள். ஐந்தில் நான்கில் புதுக் காயம் இல்லை. ஒன்றில் இருக்கிறது. சொல்ல வேண்டியது இரண்டையும்: "நாலு சுத்தமா இருக்கு, கத்தி தீட்டுனது தெரியுது. இந்த ஒண்ணுல என்ன ஆச்சு?" காலுக்குக் கீழே மண் சரிந்திருக்கிறது என்று பதில் வருகிறது. அது மண்வெட்டியால் தீர வேண்டிய விஷயம், கத்தியால் அல்ல.

இதே வழி உத்தியோகத்தர்களுக்கும் பொருந்தும். படித்துவிட்டு வந்த இளம் வெளிக்கள உத்தியோகத்தரைத் திருத்துவது தொழிலாளியைத் திருத்துவதைவிடக் கடினம். அவர் பெரட்டில் ஒரு பெண்ணை எல்லோர் முன்பும் ஏசினார் என்று வையுங்கள். மூத்த உத்தியோகத்தர் அவரையும் அதே இடத்தில் எல்லோர் முன்பும் ஏசினால், எந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்கிறாரோ அதையே கற்றுக்கொடுத்தவர் ஆகிறார். தனியே மலைக்கு அழைத்துப்போய், அந்தப் பெண்ணின் மரங்களை அவரையே பார்க்கச் சொல்லி, "இதுல நீங்க அவகிட்ட எதை மாத்தச் சொல்லுவீங்க தம்பி?" என்று கேட்கலாம். பதில் மரத்தைப் பார்த்து வந்தால் வேலை பாதி முடிந்தது. "அவ சோம்பேறி" என்று வந்தால், இன்னும் இரண்டு மரம் சேர்ந்து பார்க்க வேண்டும்.

எல்லாம் செய்தும் கை திருந்தாத ஆட்கள் உண்டு. மூன்று, நான்கு சுற்று போயும் அதே மூலையில் அதே காயம் விழுந்தால், அது பேச்சால் தீரும் குறை இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றாகப் பால் தரும் இளம் மரங்களில் அவரை விட்டுவைப்பது மரத்துக்கும் கெடுதல், அவருக்கும் கெடுதல். மறுநடுகைக்காகத் தறிக்கப் போகும் கிழட்டு மரங்கள் தோட்டத்தில் எங்காவது இருக்கும். அவற்றில் கொஞ்ச நாள் பயமில்லாமல் வெட்டிப் பழகட்டும். சம்பளம் குறையாது என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லி அனுப்ப வேண்டும். இறப்பர் அபிவிருத்தித் திணைக்களம் பால்வெட்டுப் பயிற்சி கொடுக்கிறது, அகலவத்தை டாட்டன்பீல்டில் இறப்பர் ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. பயிற்சிக்கு ஆள் அனுப்பும் முன்பு, எந்த மூலையில் எந்த விதக் காயம் என்று நீங்கள் பார்த்து வைத்த குறிப்பையும் கூடவே கொடுத்துவிடுங்கள். பயிற்றுநர் அங்கிருந்தே தொடங்கலாம்.